62 கோப்புகளில் இன்றைக்கு எவை மூன்று?

கேள்வி: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. என் பெயரில் 62 கோப்புகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ‘அவசரம்’ சீட்டு ஒட்டியவை. காலையில் எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை. நாள் முழுக்க எழுதுகிறேன், மாலையில் பார்த்தால் முக்கியமானது அப்படியே கிடக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தினமும் காலையில் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பதில்: நானும் ஓர் ஆட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். அதனால் சொல்லப்போவது எல்லாம் பிரிவில் உட்கார்ந்து கோப்பு எழுதுபவரின் வேலையைப் பற்றியது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மக்களை நேரே எதிர்கொள்ளும் இருக்கைக்கும், கருவூலத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது 62 கோப்புகளையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தும் முறை என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வரிசையை எழுதி முடிப்பதற்குள் மணி பதினொன்றாகிவிடும், முதல் தொலைபேசி அழைப்பிலேயே அது கலைந்தும் விடும். காலையில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்குத் தொடாமல் விட்டால், நாளைக்கு என்ன பாடுபட்டாலும் சரிசெய்ய முடியாத கோப்புகள் எவை? அவை எந்த நாளிலும் நான்கைந்துக்கு மேல் இருப்பதில்லை. மற்றவை நாளை செய்தாலும் அதே வேலைதான்.

இதைக் கோப்பு அடுக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நேற்று யார் கேட்டார்களோ அவர்களுடைய கோப்பு மேலே இருக்கும், யாரும் கேட்காதது அடியில் போய்விடும். அடுக்கு உங்களுக்குக் காட்டுவது குரலின் வரிசையை மட்டும். ஆகவே அடுக்கின் பக்கம் திரும்பாமல், உங்கள் பெயருக்கு வரும் தாள்களைப் பதிந்து வைக்கும் ‘தன் பதிவேட்டை’த் திறந்துகொள்ளுங்கள். அலுவலகம் பத்து மணிக்கு என்றால் 9.40-க்கு வந்துவிடுங்கள். தபால் இன்னும் பிரிவுக்கு வந்திருக்காது, அதிகாரியின் அறை மணியும் அடிக்காது. அந்த இருபது நிமிடம் போதும். நான் பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதி வைத்திருந்தேன். அதற்கு ‘என் தேதி’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். காலையில் விரல் ஓடுவது அந்த ஓரத்தின் மேல் மட்டும்தான். இன்றும், அடுத்த மூன்று வேலை நாட்களுக்குள்ளும் வரும் தேதிகளை மட்டும் நின்று பார்ப்பேன்.

என் தேதி என்பது கடிதத்தில் போட்டிருக்கும் கெடு இல்லை. அந்தக் கெடுவிலிருந்து பின்னோக்கி நடந்து வந்து நிற்கும் இடம். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 14 அன்று மனு பெறப்பட்டது. 30 நாள் என்பது செப்டம்பர் 13. அது சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது. எனவே பதில் கட்டாயம் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் போயிருக்க வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முகாம். அப்படியானால் கையெழுத்து புதன்கிழமை ஆக வேண்டும். புதன்கிழமை அவர் கையெழுத்திட, வரைவு செவ்வாய்க்கிழமை பிற்பகலுக்குள் கண்காணிப்பாளர் மேசைக்குப் போக வேண்டும், அவர் இரண்டு இடத்தில் திருத்தினால் தூய நகல் எடுக்கவும் நேரம் வேண்டும். ஆக உங்கள் தேதி செப்டம்பர் 9, செவ்வாய். நாட்காட்டி ‘இன்னும் நான்கு நாள் இருக்கிறது’ என்று சொல்லும் அன்றுதான் உங்களுக்குக் கடைசி நாள். புதிதாக வருபவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலையில் சுணக்கம் இல்லாதவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். விடுமுறையில் கெடு முடிந்தால் அடுத்த வேலை நாள்வரை உண்டு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நம்பி நான் ஒரு கோப்பைக்கூட வைத்துக்கொண்டதில்லை.

இந்தச் சட்டத்தில் உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் காலைத் தேர்வுக்கு அவை அவசியம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7(1)-இன்படி 30 நாள். கேட்கும் தகவல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சார்ந்தது என்றால் 48 மணி நேரம். தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், பிரிவு 6(3)-இன்படி மனுவை ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். நாள் கடந்தால் தகவல் ஆணையம் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் எழுத்தில் உதவி கேட்டு உங்களிடம் அனுப்பிய மனு உங்களிடம் தங்கிவிட்டால், பிரிவு 5(5) அந்தப் பொறுப்பை உங்கள் மேலும் வைக்கிறது. இவற்றில் ஐந்து நாள் கெடுதான் அதிகம் தவறுகிறது. 30 நாள் என்பது எல்லோர் மனத்திலும் பதிந்திருப்பதால், மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இருபதாம் நாள் பிரித்துப் பார்ப்பார்கள். அது நம்முடையதே இல்லை, மாநகராட்சிக்கு உரியது என்று அன்றைக்குத்தான் தெரியும். ஆகையால் புதிய தகவல் மனு தபாலில் வந்த அன்றே, பதில் எழுதாவிட்டாலும், ‘இது நம்மிடம் இருக்கிறதா’ என்ற அளவுக்காவது படித்துவிட வேண்டும்.

‘அவசரம்’, ‘மிக அவசரம்’, ‘உடனடி’ என்ற சீட்டுகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஒட்டியவருடைய பதற்றத்தை மட்டுமே அவை காட்டுகின்றன. உங்கள் அடுக்கில் முப்பதுக்கு மேல் சிவப்பு என்றால், சிவப்புக்கு உங்கள் மேசையில் பொருளே இல்லை என்றாகிவிட்டது. சீட்டைப் பார்த்ததும் உள்ளே இருக்கும் கடைசித் தாளைப் படியுங்கள். தேதியும், தாமதமானால் பாதிக்கப்படும் ஆளும் அதில் தெளிவாக இருந்தால் அது அவசரம்தான், பென்சில் தேதியைப் போட்டுவிடுங்கள். இரண்டும் இல்லாமல் ‘விரைவில் அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று மட்டும் இருந்தால், அது மற்றக் கோப்புகளோடு நிற்கட்டும்.

ஆனால் கெடுவை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வேறொரு தவறு நேரும், அதை நானே செய்திருக்கிறேன். நான் உதவியாளராகி இரண்டாம் ஆண்டு. எங்கள் அலுவலகத்தில் அலுவலக உதவியாளராக இருந்தவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியக் கருத்துரு அனுப்ப, அவர் வாங்கிய முன்பணம் எதுவும் பாக்கி இல்லை என்று எங்கள் பிரிவிலிருந்து ஒரு சான்று தேவைப்பட்டது. அதற்குக் கெடு எதுவும் குறிக்கப்படவில்லை. தேதி போட்ட கோப்புகள் தினமும் முந்திக்கொண்டன. ஒரு நாள் அவருடைய மனைவி வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரையும் கேட்டு அவர் வரவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கோப்பு சென்னையில் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், என் அடுக்கில் மூன்றாவது கட்டுக்குக் கீழே இருபத்து மூன்று நாளாகக் கிடந்தது. முன்பணப் பதிவேட்டைப் புரட்டிச் சான்று எழுத எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்துக்காக அந்த வீட்டில் ஒரு மாதம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டேன்: தினமும் தேர்ந்தெடுக்கும் மூன்றில் ஒன்று, கெடு இல்லாத, ஆனால் ஓர் ஆள் காத்திருக்கிற கோப்பாக இருக்க வேண்டும். ஓய்வூதியம், பணப்பயன், வாரிசு, கருணை அடிப்படையில் பணி நியமனம் போன்றவை எல்லாம் இந்த வகை. கெடு இல்லாததால் இவை தாமாக மேலே வரவே வராது.

இனி ஒரு காலையை முழுதாகச் சொல்கிறேன். 2014 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. மேலே சொன்ன தகவல் மனுக் கணக்கு அன்றைய கணக்குதான். பதிவேட்டின் ஓரத்தில் அன்று நின்று பார்க்க வேண்டியவை ஏழு. ஒன்று, அந்தத் தகவல் மனு. இரண்டு, உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்று: பாதை ஆக்கிரமிப்பு பற்றிய மனுவை இரு தரப்பையும் கேட்டு எட்டு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். மூன்று, தணிக்கைத் தடைக்கான பதில், மூன்றாவது நினைவூட்டுடன், சிவப்புச் சீட்டுடன். நான்கு, வியாழக்கிழமை ஆய்வுக் கூட்டத்துக்கான விவரப் படிவம். ஐந்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பெறப்பட்டு எங்கள் பிரிவுக்கு வரவிருந்த மனுக்கள். ஆறு, கருணைப் பணி கேட்ட ஓர் இளைஞரின் கோப்பு: ஒரு சான்று குறைகிறது, குறைகிறது என்று அவருக்கு யாரும் எழுதவில்லை. ஏழு, அதிகாரி ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பிய ஒரு கோப்பு.

உங்கள் கை எதற்குப் போகும் என்று எனக்குத் தெரியும். நீதிமன்ற உத்தரவுக்குத்தான். தவறினால் அவமதிப்பு வழக்கு வரும், ஆகவே அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆனாலும் அதை நான் அன்றைக்கு எடுக்கவில்லை. உத்தரவின் நகல் ஜூலை 21 அன்று பெறப்பட்டது, எட்டு வாரம் செப்டம்பர் 15 திங்கட்கிழமை முடிகிறது. விசாரணை ஆகஸ்டிலேயே முடிந்து, இரு தரப்பு வாக்குமூலமும் கோப்பில் இருந்தன. பாக்கி இருந்தது இறுதி உத்தரவின் வரைவு மட்டும், நான்கு பக்கம், குறுக்கீடு இல்லாத இரண்டு மணி நேர வேலை. கையெழுத்திட வேண்டியவர் மாவட்ட வருவாய் அலுவலர், அவர் வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் இருப்பார் என்று அவருடைய முகாம் எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். புதன் வரைவு, வியாழன் திருத்தம், வெள்ளி கையெழுத்து, திங்கள் கையிருப்பு. ஆகவே அதன் என் தேதி புதன். செவ்வாய்க்கிழமை அதற்காகச் செய்தது ஒன்றே ஒன்று: வாக்குமூலங்களில் பக்கம் விடுபடாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். விசாரணையே நடக்காமல் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது அன்றைக்கே அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு, கெடு முடியும் முன் கால நீட்டிப்பு கேட்கும் மனு தாக்கல் செய்யச் சொல்லிக் கடிதம் போயிருக்க வேண்டும், முதல் மூன்றில் முதலாவதாக. எவ்வளவு பெரிய கோப்பு என்பது வேறு, இன்றைக்கு உரிய கோப்பா என்பது வேறு என்று எனக்குப் பழகியது இத்தகைய கணக்குகளால்தான்.

தணிக்கைப் பதிலையும் எடுக்கவில்லை. நினைவூட்டு மூன்றாவதாக இருந்தாலும், இரண்டு நாள் கழித்துப் போனால் யாருடைய சம்பளமும் நிற்காது. அதை அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுதினால் பற்றுச்சீட்டு எண்கள் தவறும், தவறினால் அதே தடை மறுபடி வரும். வியாழன் பிற்பகல் என்று குறித்தேன். ஆய்வுக் கூட்டப் படிவத்துக்கு எண்கள் பதிவேட்டில் தயாராக இருந்தன, புதன்கிழமை மாலை போதும். எனவே அன்றைய மூன்று: தகவல் மனுப் பதில், இளைஞருக்குக் கடிதம், குறைதீர் மனுக்கள். ‘பேசவும்’ கோப்பை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது அதிகாரி இருக்கையில் அமர்ந்ததும் நின்றபடியே இரண்டு நிமிடம் பேசி முடிக்க வேண்டியது. இந்தக் கோப்புகளை ‘இவர் என்ன கேட்பாரோ’ என்ற தயக்கத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு தேதி விளங்கவில்லை என்பதற்காகத்தான் அப்படி எழுதியிருப்பார்.

குறைதீர் மனுக்கள் ஏன் உள்ளே வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாம் பதில் எழுதப் போவதில்லை, வட்டாட்சியருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ அனுப்பி அறிக்கை கேட்போம். நம் கடிதம் போன பிறகுதான் அங்கே நாள் எண்ணத் தொடங்கும். நாம் ஒரு நாள் வைத்திருந்தால் மனுதாரருக்கு ஒரு நாள் போயிற்று, எழுதும் நேரமோ பத்து நிமிடம். அடுத்தவரை வேலை செய்ய வைக்கிற தாள்களைக் காலையிலேயே வெளியேற்றிவிட வேண்டும், அனுப்புகைப் பிரிவில் பிற்பகலுக்கு மேல் கொடுத்தால் அது மறுநாள் கணக்கு. இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. அன்று வந்தவை பதினான்கு மனுக்கள், முகப்பில் எல்லாம் ஒரே மாதிரிதான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை என்று படித்துக்கொண்டே வந்தபோது பதினொன்றாவது மனு, நோட்டுப் புத்தகத் தாளில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் வராத ஆழ்துளைக் கிணறு மூடாமல் இருக்கிறது, பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள் என்று சொன்னது. அதற்குக் கோப்பு எண் போட்டு அறிக்கை கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கண்காணிப்பாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன், அவர் அப்போதே வட்டார வளர்ச்சி அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தார். மாலைக்குள் மூடியாயிற்று என்று தகவல் வந்தது, கடிதம் அதற்குப் பிறகுதான் போயிற்று. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த நோட்டுத் தாள்தான் என் கண்முன் வந்தது. எனவே எதையும் தள்ளி வைக்கலாம், படிக்காமல் மட்டும் தள்ளி வைக்கக் கூடாது. எது காத்திருக்கலாம் என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தேர்ந்தெடுத்ததை எழுதும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அரைத் தாளில் கோப்பு எண்ணை மட்டும் எழுதினால் போதாது, அன்றைய செயலையும் நேரத்தையும் எழுத வேண்டும். ‘தகவல் மனு: பதில் வரைவு, 12 மணிக்குள் கண்காணிப்பாளர் மேசைக்கு’ என்று எழுதினேன். ‘தகவல் மனுவை முடிக்க’ என்று எழுதியிருந்தால் மாலைவரை அதைச் சுற்றிக்கொண்டே இருந்திருப்பேன். ஒரு கோப்பை முடிப்பது உங்கள் கையில் இல்லை, அதில் நான்கு பேர் கையெழுத்து இருக்கிறது. அன்றைய அடி மட்டும்தான் உங்களுடையது. எழுதியதும் அந்த மூன்று கோப்புகளை மேசையின் இடப்பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுக்கில் திருப்பி வையுங்கள். மேசையில் பன்னிரண்டு கோப்பு விரிந்திருந்தால் கண் ஓடிக்கொண்டே இருக்கும், எழுதுவது ஒன்றாகவும் நினைப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும்.

பிறகு அந்த அரைத் தாளைக் கண்காணிப்பாளரிடம் காட்டுங்கள். ‘இன்று இவை மூன்றும் எடுத்திருக்கிறேன் ஐயா, வேறு ஏதாவது முந்த வேண்டுமா?’ என்று கேட்டால் போதும். அவருக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைவிட முக்கியம், பதினொன்றரை மணிக்கு அவரே புதிய வேலையோடு வரும்போது, இருவருக்கும் பொதுவான ஒரு தாள் இருக்கும். அன்றும் 11.20-க்கு அழைப்பு வந்தது: காணொலிக் கூட்டத்துக்கு ஐந்தாண்டு விவரம், ஒரு மணிக்குள். முடியாது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தாளைக் காட்டி, ‘இதைச் செய்தால் குறைதீர் மனுக்களில் பாக்கி நாளைக்குப் போகும். தகவல் மனுவை மட்டும் நகர்த்த முடியாது, ஐயா நாளைக்கு மறுநாள் முகாம்’ என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும், எது போகிறது என்பதைத் தேதியோடு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நான்கையும் ஏற்றுக்கொள்பவர், மாலையில் எது விழுந்தது என்று தெரியாமலே வீட்டுக்குப் போவார். அன்று தகவல் மனு வரைவு பன்னிரண்டேகாலுக்குப் போயிற்று, புதன்கிழமை மாலை கையெழுத்தாகி வியாழன் காலை பதிவுத் தபாலில் சேர்ந்தது. இளைஞருக்குக் கடிதம் போயிற்று. கிணற்று மனு போக, மற்ற மனுக்களில் ஐந்து மட்டும் போயின, எட்டு மறுநாள் போயின.

தேர்வு தவறாகப் போகிறது என்பதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. அரைத் தாள்களைக் கிழித்துப் போடாமல் ஒரு வாரம் சேர்த்து வையுங்கள். ஒரே கோப்பு மூன்று நாள் தொடர்ந்து தாளில் இருந்தால், நேரம் இல்லாததால் அது நிற்கவில்லை. பெரும்பாலும் ஒரு தாள் குறைகிறது, அல்லது என்ன முடிவு எழுதுவது என்று உங்களுக்கே தெளிவில்லை. அப்போது நான்காம் நாளும் ‘குறிப்பு எழுத’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘நில அளவைப் பிரிவில் புலப்பட நகல் கேட்க’ என்றோ, ‘விதி எது என்று கண்காணிப்பாளரிடம் கேட்க’ என்றோ எழுதுங்கள், கோப்பு நகர்ந்துவிடும். இன்னொன்று நினைவூட்டு. அறிக்கை வராத கோப்புக்கு நினைவூட்டு எழுதி அனுப்பினால் வேலை செய்ததுபோல இருக்கும், பதிவேட்டிலும் ஒரு வரி கூடும், கோப்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். இரண்டாவது நினைவூட்டுக்கு முன் அந்த அலுவலகத்தின் எழுத்தரைத் தொலைபேசியில் அழைத்து ‘எங்கே நிற்கிறது’ என்று கேளுங்கள். எங்கள் கடிதமே அவருக்குக் கிடைக்கவில்லை என்று பலமுறை தெரியவந்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் சட்டக் கெடுவும், பின்னோக்கிக் கணக்கிடுவதும் சந்தேகம் இல்லாதவை. மூன்று என்ற எண் அப்படி இல்லை, அது என் இருக்கையின் எண். ஒரு மாதம் முழுக்க என் நேரம் எதில் போகிறது என்று குறித்து வைத்தேன். பத்து மணி முதல் 5.45 வரை இருந்தாலும், தபால், தொலைபேசி, பார்வையாளர், திடீர் விவரம் எல்லாம் போக, உட்கார்ந்து எழுதக் கிடைத்தது சுமார் மூன்று மணி நேரம். முறையான குறிப்பு ஒன்றுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். அதனால் மூன்று. உங்கள் இருக்கையில் சிறிய கடிதங்களே அதிகம் என்றால் ஐந்தாகலாம், நீதிமன்ற வழக்குகள் அதிகம் என்றால் ஒன்றே போதும். காலையில்தான் செய்ய வேண்டும் என்பதும் விவாதத்துக்குரியது. என்னோடு இருந்த ஒருவர் முந்தின நாள் மாலையே தாள் எழுதிவிட்டுப் போவார், அவருக்கு அது நன்றாகவே நடந்தது. எனக்கு மாலையில் களைப்பு, எது எளிதோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். கோப்புகளைக் கணினியிலேயே நடத்தும் மின் அலுவலக முறையில் அவை வந்த நாள் வரிசையில் திரையில் நிற்கும். அந்த வரிசையும் பழைய அடுக்கைப் போலத்தான், உங்களுக்காக எதையும் தேர்ந்தெடுத்துத் தராது. பென்சில் தேதியை ஒரு நோட்டில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, இந்த முறை உதவாத இடம். பக்கத்து இருக்கை காலியாகி அதையும் நீங்களே கூடுதலாகப் பார்க்கிறீர்கள் என்றால், ஒரு நாள் காலையில் திருப்பிச் சரிசெய்ய முடியாத கோப்புகள் மட்டுமே எட்டு நிற்கும். எட்டில் மூன்றைத் தேர்ந்தெடுப்பது தேர்வு ஆகாது, ஐந்தைக் கைவிடுவது. அதை நீங்கள் தனியாக முடிவு செய்யக் கூடாது. அன்றைக்கே ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கண்காணிப்பாளருக்கு வையுங்கள். கோப்பு எண், கெடு, கெடுவுக்கு முன் யார் யார் கையெழுத்து வேண்டும், இன்று என்னால் எவை முடியும், எவை முடியாது என்று ஐந்து பத்தியாகக் கோடு போட்டு நிரப்புங்கள். ‘வேலைப்பளு அதிகம்’ என்ற சொல் அதில் எங்கும் வேண்டாம். அப்படிப்பட்ட குறிப்பு வந்தபோது நான் கண்காணிப்பாளராக ஒவ்வொரு முறையும் இரண்டு கோப்பையாவது வேறு இருக்கைக்கு மாற்றியிருக்கிறேன். தேதி எதுவும் இல்லாமல் ‘முடியவில்லை ஐயா’ என்று வந்து நின்றவர்களுக்கு எதை மாற்றுவது என்று எனக்கே தெரிந்ததில்லை.